சொல் இல்லாமல் வந்த வீடு

ஏறாவூர் மேசன் உசனார் பாஸ் சுவர் கட்டுவதில் கெட்டிக்காரர். ஆளை நம்புவதில் மட்டும் மகா கஞ்சன். மீன்காரன் தராசைத் தூக்கினால் இவர் மீனைப் பார்க்க மாட்டார், அவனுடைய சுண்டுவிரலைப் பார்ப்பார். பள்ளிவாசலுக்குப் போனால் ஒரு செருப்பை இந்த வாசலிலும் மற்றதை அந்த வாசலிலும் கழற்றி வைப்பார். ஒற்றைச் செருப்பை எவன் எடுக்கப் போகிறான் என்பது அவருடைய கணக்கு. ஒரு தடவை இரண்டும் காணாமல் போனது. அன்றைக்கு முழு ஊரையும் சந்தேகப்பட்டார். கடைசியில் பார்த்தால் இவர் கழற்றியது மூன்றாவது வாசலில்.

ஐம்பத்தெட்டு வயது. இருபத்து நாலு வயதில் கரண்டி பிடித்தவர். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் வாழைச்சேனையிலும் அவர் கட்டிய வீடுகளை எண்ண இரண்டு கையும் இரண்டு காலும் போதாது. எல்லாம் பெண் பிள்ளைகளுக்குக் கட்டிய வீடுகள். இந்தப் பக்கத்தில் வழக்கம் அதுதான்: மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருக்க வேண்டும். உசனாரும் அப்படி வந்தவர்தான். அவர் படுத்துறங்கும் வீடு மனைவி றஸீனாவுடையது. முப்பத்து நாலு வருடம் ஊருக்கெல்லாம் சுவர் எழுப்பிய மனிதனுக்குத் தன் பெயரில் ஒரு செங்கல் கிடையாது. கோபம் வரும்போது றஸீனா இதை ஞாபகப்படுத்துவாள், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் வீடு கட்டுகிறவர்கள் வாசலுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் பேசுவார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வீடு கட்டாத வெறும் வளவு, இல்லாவிட்டால் அரைகுறையாக நிற்கும் வீடு. ஒரு சலாம் கிடையாது, ஒரு சொல் கிடையாது. கத்தாரில் இருப்பவன் அனுப்புவான், பக்கத்துத் தெருவில் இருப்பவனும் அனுப்புவான். என்ன கேட்கிறான் என்று இவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உசனார் ஆரம்பத்தில் நல்ல மனதோடு கண்டுபிடிக்கத்தான் பார்த்தார். ஒருவன் வெறும் வளவின் படத்தை அனுப்பினான். எவ்வளவு செல்லும் என்று கேட்கிறானாக்கும் என்று இவர் அத்திவாரத்திலிருந்து ஓடு வரைக்கும் கல், மண், சீமெந்து என்று கணக்குப் போட்டு அனுப்பினார். அவன் கேட்டது மாரிக்கு அந்த வளவில் தண்ணி நிற்குமா என்று. இன்னொருவர் யன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் நின்ற வீட்டை அனுப்பினார். இதற்கு மேல் கொங்கிறீட் சிலாப் போடலாமா என்ற யோசனைக்கு என்று நினைத்து, மூன்று தடவை குரலில் பேசி விளக்கம் அனுப்பினார். அவருக்குத் தேவைப்பட்டது முகப்புக்கு வளைவு வைத்தால் வடிவாக இருக்குமா என்பது. அடுத்தவருக்கு வளைவு, கம்பி வேலை என்று நாலு மாதிரிப் படம் அனுப்பினார். அந்த மனிதர் வளவை விற்க ஆள் தேடிய தரகர்.

இதெல்லாம் போகட்டும். ஒரு பெண் அனுப்பிய படத்துக்கு இவர் எழுதிக் கொடுத்த முழுக் கணக்கும், எழுத்துப் பிசகாமல், போட்டிக்காரன் இர்ஷாத் பாஸின் கைக்குப் போனது. இர்ஷாத் அதைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி வேலையை எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து சொல் இல்லாமல் படம் வந்தால் உசனாருக்கு முதலில் தெரிவது வீடு இல்லை, இர்ஷாத்தின் முகம்.

“என்ன வேணும் எண்டு ஒரு சொல் திருப்பிக் கேட்டா என்ன, வாப்பா?” என்று மகன் இல்ஹாம் ஒருநாள் கேட்டான்.

“கேக்கிற பாஸ், வேல இல்லாத பாஸ்” என்றார் உசனார். “கேட்டமெண்டா அவன் நினைப்பான், இவர் பசியில கிடக்கார் எண்டு. படத்தப் பாத்து விளங்காட்டி நான் என்னத்துக்கு பாஸ்?”

அந்த வறட்டு வீம்பு அவர் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

இல்ஹாமுக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டது. அலுமினியம் பொருத்துகிற வேலை, கைநிறைய ஓடர். குணத்தில் தகப்பனுக்கு நேரெதிர். வாயைத் திறக்க மாட்டான், ஆளை நம்புவான். அவனுக்கு வந்த இரண்டு கலியாணப் பேச்சை உசனார் தன் சந்தேகத்தாலேயே முறித்துப்போட்டார். முதல் பெண் வீட்டார் காட்டிய வீட்டை விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, “பூச்சுக்குள்ள வெடிப்ப மறைச்சிருக்காங்க” என்று அவர்கள் காதில் விழச் சொன்னார். இரண்டாவது பெண் வீட்டார் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். இவ்வளவு அவசரமாகச் சோறு போடுகிறார்களே, பெண்ணுக்கு ஏதும் நோயோ என்று தெருவிலே நாலு பேரிடம் விசாரித்தார். விசாரித்தவர்களில் ஒருவர் பெண்ணின் மாமா.

இரண்டாவதும் கலைந்த அன்று இல்ஹாம் உம்மாவிடம் மட்டும் சொன்னான். “உம்மா, இன்னும் ஒரு இடம். அதையும் வாப்பா கெடுத்தா நான் கத்தாருக்குப் போயிடுவன். பிறகு கலியாணம் எண்டு என்னோட கதைக்க வேணாம்.” சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் றஸீனா பயந்திருக்க மாட்டாள். அவன் கஞ்சியைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

அந்த மூன்றாவது இடம் ஓட்டமாவடியில் அமைந்தது. கொண்டுவந்தவர் பக்கீர். பகலில் ஓட்டோ ஓட்டுவார், ஓட்டோவில் ஏறுகிறவர்களிடம் வயதுவந்த பிள்ளைகள் இருந்தால் கலியாணமும் பேசுவார். பெண்ணின் பெயர் ஷஸ்னா, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். தகப்பன் இறந்து நாலு வருடம். தாய் நஸீபா தையல் மெசினை மிதித்து மகளை ஆளாக்கியவள். ஒரு அலுமினிய யன்னல் வேலைக்கு அந்தப் பாலர் பாடசாலைக்குப் போனபோது இல்ஹாம் ஷஸ்னாவைக் கண்டிருக்கிறான். பேச்சு வந்ததும் அவன் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை றஸீனா கவனித்தாள். கவனிக்காத ஒரே ஆள் உசனார். அவர் பக்கீரின் கண்ணைக் கவனித்துக்கொண்டிருந்தார், இவனுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று.

“தாய்க்காரி போட்டோ அனுப்புவா” என்று பக்கீர் றஸீனாவிடம் சொல்லிவிட்டுப் போனார். என்ன போட்டோ என்று அவர் சொல்லவில்லை. பெண்ணுடைய படமாக்கும் என்று றஸீனா தானாகவே நினைத்துக்கொண்டாள். வேறு என்ன போட்டோ அனுப்பப் போகிறார்கள்? அன்றிலிருந்து தன் போனையும் மகனின் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். “போட்டோ வந்திச்சா மகன்?” “இல்ல உம்மா.” காலை இரண்டு தடவை, பின்னேரம் இரண்டு தடவை. உசனாரின் போனைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. வயதுப் பெண்ணின் படத்தை மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு யார் அனுப்புவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை. உசனார் ஒரு வேலைத் தலத்தில் சாரத்தின் நிழலில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். போன் சத்தம் போட்டது. தெரியாத இலக்கம். ஆளின் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோசாப்பூ. கீழே ஒரு வீடு.

அரைகுறை வீடு. சீமெந்துக் கல் சுவர் லிண்டல் மட்டம் வரைக்கும் வந்து நின்றிருந்தது. யன்னல்கள் வெறும் ஓட்டை. வாசலில் நிலை இருந்தது, கதவு இல்லை. சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், படத்தின் நட்டநடுவில், வாசல் மண்டபத்துக்கான ஒற்றைத் தூண். உச்சியில் துருப்பிடித்த நாலு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. தூணின் அடிப்பக்கம் கொங்கிறீட் இறுகவில்லை. கல்லும் கல்லுமாக, இடையிடையே விரல் போகும் அளவுக்குப் பொந்து.

ஒரு சொல் இல்லை.

உசனார் ரொட்டியை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டார். யோசனை கேட்கிறானா? யோசனை கேட்கிறவன் வெடிப்பைக் கிட்டப்போய் எடுத்து அனுப்புவான். இது தூர நின்று எடுத்தது. கணக்குக் கேட்கிறானா? அப்படியானால் உள்ளறை, பின்பக்கம் எல்லாம் காட்ட வேண்டும். இது முன்பக்கம் மட்டும்தான். வடிவம் கேட்கிறானா? முகப்பை அழகாக்கக் கேட்கிறவன், இந்தப் பொந்துத் தூணையா நடுவில் நிறுத்துவான்? ஊரில் யாருமே இருக்கிற குறையை மறைத்துத்தான் படம் எடுப்பார்கள். இவன் குறையைச் சோடித்து எடுத்திருக்கிறான்.

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. இது தூண்டில்.

“இர்ஷாத்ர வேலதான்” என்று ரொட்டியைப் பார்த்துச் சொன்னார். தூண் நல்லது என்று நாம் எழுதினால், உசனாருக்குக் கண் போய்விட்டது என்று ஊர் முழுக்கக் காட்டுவான். சின்னப் பூச்சோடு சரிக்கட்டலாம் என்று எழுதினால், ஏமாற்றுக்காரன் என்பான். எவ்வளவு செல்லும் என்று எழுதினால் அதைவிடக் குறைத்துச் சொல்லுவான். எந்தப் பக்கம் போனாலும் குழி. அப்படியென்றால் குழியை மூடி விட்டுவிட வேண்டியதுதான்.

ஒற்றை விரலால் அவர் தட்டியதை அப்படியே சொல்லிவிடலாம். பிற்பாடு அதை மூன்று பேர் மூன்று விதமாக வாசித்தார்கள்.

‘முன்தூண் பிழை. சீமெந்தக் களவெடுத்துப் போட்டு வெறுங்கல்லக் கொட்டின வேலை. உப்பு மண். இத உடைக்க வேணும். இப்படி வீட்டக் காட்டி ஆரையும் ஏமாத்த ஏலாது. எங்களுக்கு வேணாம்.’

அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். இரண்டு கோடும் நீலமானது. பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் ரோசாப்பூவும் காணாமல் போனது. “இன்னும் அனுப்பு பாப்பம்” என்று ஒரு கேள்விக்குறியைத் தட்டிவிட்டார். ஒற்றைக் கோடோடு நின்றது. அந்தப் பக்கம் அடைத்துவிட்டார்கள்.

பிடிபட்ட கள்ளன் ஓடுகிற மாதிரி என்று உசனாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மிச்ச ரொட்டியை ருசித்துச் சாப்பிட்டார். பின்னேரம் வீட்டில் றஸீனாவிடம், “இண்டைக்கு ஒருத்தன மடக்கினன்” என்றார். அவளுக்கு அந்தக் கதையில் அக்கறை இல்லை. “ஓட்டமாவடியால இன்னும் போட்டோ வரல்ல” என்றாள். “வராது. அவங்களும் என்னத்தையோ மறைக்காங்க” என்றார் உசனார். நன்றாகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பக்கீர் வந்தார். வழக்கமாக வாசலில் ஓட்டோ நிற்கும் முன்னமே சிரிப்பு வந்துவிடும். அன்று சிரிப்பு வரவில்லை. கதிரையில் இருக்கவும் இல்லை.

“அவங்க வேணாமெண்டிட்டாங்க” என்றார்.

றஸீனாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. உள்ளே இல்ஹாம் சட்டை மாற்றிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது.

“என்னவாம் காரணம்?” என்று உசனார் கேட்டார். கேட்ட தொனியே வேறு. “வேற இடம் புடிச்சிக் குடுத்தியா பக்கீர்? அங்க உனக்குக் கூடக் கிடைக்குதோ?”

பக்கீர் பொறுமையான ஆள், உசனாரை அண்ணன் என்கிற மரியாதையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் மனிதன்தானே. “காக்கா, நானும் அல்லாஹ்வுக்குப் பயந்தவன். நீங்க அந்தப் பொம்புளைக்கு என்ன எழுதின எண்டு உங்களுக்கே தெரியும். நாலு நாளா அவ மெசின் மிதிக்கல்லயாம்.”

“எந்தப் பொம்புளைக்கு? நான் ஒருத்திக்கும் ஒண்டும் எழுதல்ல.”

“வீட்டுப் படம் அனுப்பினாவே. நான்தானே உங்கட நம்பரக் குடுத்த. மாப்பிளட வாப்பா மேசன் பாஸ், நாம வாயால சொல்லத் தேவயில்ல, வீட்ட அப்படியே ஒரு போட்டோ எடுத்துப் போடு, அவருக்குப் பாத்தா விளங்கும் எண்டன். இதுதான் எங்களால குடுக்க ஏலுமான வீடு எண்டு எழுத அவக்குக் கூச்சம். அதான் படத்த மட்டும் அனுப்பியிருக்கா.”

உசனார் போனை எடுத்தார். எடுத்தவர் அதைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கீர் அதை வாங்கி, இலக்கத்தைப் பார்த்து, “ஓம், நஸீபாட நம்பர்தான்” என்றார். பிறகு கீழே இருந்ததை வாசித்தார். வாசித்து முடித்ததும் போனைத் திருப்பிக் கொடுக்காமல் மேசையில் வைத்தார்.

இல்ஹாம் வெளியே வந்து அதை எடுத்து வாசித்தான். அவன் ஒன்றும் கத்தவில்லை. “இது உங்களுக்கு வந்த படமில்ல வாப்பா” என்றான். “எனக்கு வந்தது.” செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அன்று மத்தியானம் அந்த வீட்டில் சோறு ஆக்கியபடியே கிடந்தது.

உசனாருக்கு முதல் ஒரு மணித்தியாலம் கோபம். ஒரு சலாம் எழுதியிருக்கலாமே அந்தப் பெண், பெயரைப் போட்டிருக்கலாமே, பக்கீர் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமே. ஆளாளுக்குப் பிழை பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். எல்லாருக்கும் கொடுத்த பிறகும் பெரிய பங்கு அவர் கையில் மிஞ்சியது. அவருக்கு வெட்கம் வந்தது. இந்த வயதில், தன் வாசலில், வெட்கம்.

“வெளிக்கிடுங்க” என்றாள் றஸீனா. அவள் ஏற்கனவே அபாயா போட்டிருந்தாள்.

பக்கீரின் ஓட்டோவில் மூன்று பேரும் போனார்கள். ஓட்டமாவடிப் பாலத்தில் ஏறும்போது வாவிக் காற்று முகத்தில் அடித்தது. கீழே தோணியில் நின்று ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்.

படத்தில் இருந்த அதே வீடு. அதன் பின்பக்கத்தில் தகரம் அடித்த ஒரு கொட்டிலில் தாயும் மகளும் இருந்தார்கள். நஸீபா மெலிந்த பெண், ஐம்பது இருக்காது. வந்தவர்களை இருக்கச் சொன்னாள், தேத்தண்ணி வைக்கச் சொன்னாள். மரியாதையில் குறை வைக்கவில்லை. முகத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. ஷஸ்னா தேத்தண்ணியைத் திரைக்கு இந்தப் பக்கம் நீட்டினாள், ஆள் வரவில்லை.

உசனார் நடந்ததைச் சொன்னார். மழுப்பாமல் சொன்னார், அது பெரிய விசயம். இர்ஷாத்தைச் சொன்னார், தூண்டில் என்று நினைத்ததைச் சொன்னார். “மாப்பிளட வாப்பாவா நான் அத எழுதல்ல தங்கச்சி. சண்டக்காரனுக்கு எழுதுற மாதிரி எழுதிட்டன். மன்னிச்சிக்கொள்ளுங்க.”

நஸீபா தேத்தண்ணிக் கோப்பைகளை ஓரமாக நகர்த்தினாள். “தூண் பிழ எண்டது?” என்று கேட்டாள். “அதுவும் சண்டக்காரனுக்கு எழுதினதா, உண்மையா?”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்ல நல்ல இடம் அது. றஸீனா பக்கத்திலிருந்து முழங்கையால் இடித்தாள். பொய்யைச் சொல்லுங்கள் என்று அதற்கு அர்த்தம். உசனார் எழுந்து முன்பக்கம் போனார், நஸீபாவும் பின்னால் வந்தாள். தூணை அங்கே கிடந்த ஒரு சுத்தியலின் காம்பால் மேலிருந்து கீழே தட்டினார். மேலே கணீரென்று கேட்டது. இடுப்புக்குக் கீழே பொத்தென்று கேட்டது.

“உண்மதான்” என்றார். “இதுக்கு மேல வளையோ சிலாப்போ வைச்சா நிக்காது. உடைச்சித்தான் போடணும்.”

“இதுக்கு முந்தி மூணு பாஸ்மார் வந்து பாத்தாங்க. எல்லாரும் நல்லாரிக்கி, பூசி விடலாம் எண்டாங்க” என்றாள் நஸீபா. பிறகு குரல் உடைந்தது. “ஆனா களவெடுத்த வேல எண்டு எழுதினீங்களே காக்கா. அந்தத் தூண அவர்தான் போட்டவர். எங்கட ஷஸ்னாட வாப்பா. பாஸ் கொடுத்த நாளுக்கு வரல்ல எண்டு, தானே பலகை அடிச்சி, தானே குழைச்சி, ஒத்தயாப் போட்டவர். போட்டு ஆறு மாசத்தில மௌத்தாப் போனார். அவர்ட கை பட்டது இந்த வீட்டில அது ஒண்டுதான். அதனாலதான் படத்துக்கு நடுவில வச்செடுத்தன். அவர் ஆர்ட வீட்டில களவெடுக்க?”

குறையைச் சோடித்து எடுத்த படம் என்று உசனார் கண்டுபிடித்தாரே, அந்தச் சோடிப்பு இதுதான். வீட்டிலேயே நல்லதைத்தான் அவள் முன்னால் நிறுத்தியிருக்கிறாள்.

“ஒரு சொல் கேட்டிருக்கலாம்” என்றாள் நஸீபா. “இது என்ன எண்டு. நான் எழுதியிருப்பன்.”

“கேட்டிருக்கணும்” என்றார் அவர். பிறகு, “உடைக்கிறதெண்டா நானே வந்து உடைக்கிறன். வேற ஆளக் கூப்பிட வேணாம்” என்றார்.

கலியாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுத்தியல், உளி, கம்பி வெட்டுகிற மெசினோடு உசனார் வந்தார். மகனை அவர் கூப்பிடவில்லை. கூப்பிட முகம் இல்லை. இல்ஹாம் தானாகவே மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்து இறங்கினான். தகப்பனோடு பேசவில்லை, மெசினைத் தூக்கிக்கொண்டான்.

தூணுக்கு மேலே இன்னும் பாரம் ஏறவில்லை. அதனால் முட்டுக் கொடுக்கத் தேவையில்லை. மேலிருந்து சீராக உடைத்துக்கொண்டு வந்தார். நஸீபா கொட்டில் வாசலில் நின்றாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் தோள் ஒரு தரம் குலுங்கியது. உசனார் அதைப் பார்க்கக்கூடாது என்று கல்லைப் பார்த்தே அடித்தார்.

இடுப்பு மட்டத்துக்குக் கீழே வந்தபோது அவர் கை நின்றது. குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

“மகன், நீ ஒருக்கா எண்ணிப் பாரு.”

இரண்டு நாளைக்குப் பிறகு தகப்பன் மகனோடு பேசிய முதல் பேச்சு அதுதான். இல்ஹாம் குந்தியிருந்து எண்ணினான். “பன்ரெண்டு” என்றான்.

ஒன்பது அங்குலத் தூண். அதற்கு நாலு கம்பி போதும். அந்த மனிதன் அடிப்பக்கம் தாங்க வேண்டும் என்று அங்கே பன்னிரண்டு கம்பியை நெருக்கி நிறுத்தியிருந்தான். கம்பியைக் கட்டுகிற வளையங்கள் ஆறு அங்குலத்துக்கு ஒன்று போட்டால் காணும். அவன் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று போட்டிருந்தான். அத்திவாரத்துக்கு வாங்கிய பெரிய கல்லையே இதற்கும் கொட்டியிருக்கிறான். அந்தக் கல் அந்தக் கம்பிக் கூட்டுக்குள்ளால் எப்படி வெளியே வரும்? நடுவில் சிக்கிக்கொண்டது, சாந்து போய்ச் சேரவில்லை, பொந்து விழுந்தது. உசனார் உடைத்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துச் சுரண்டினார். சீமெந்து தாராளம். ஒரு பிடி கூடக் களவு போகவில்லை.

அவர் எழும்பி நஸீபாவின் முன்னால் போய் நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி, நான் எழுதினது பிழ. தூண் பிழதான், ஆனா காரணம் பிழ. உங்கட ஆள் குறைச்சிப் போடல்ல. நாலு போடுற இடத்தில பன்ரெண்டு போட்டிருக்கார். கூடப் போட்டதாலதான் பிழைச்சிருக்கு. முப்பது வருசத்தில இப்படி ஒரு தூண நான் உடைக்கல்ல.”

நஸீபா அந்தக் கம்பிகளைப் பார்த்தாள். துரு ஏறிய பன்னிரண்டு கம்பி, வெயிலில், நெருக்கமாக நின்றன. “புள்ளட வீடு எண்டு சொல்லிக்கொண்டே கட்டினவர்” என்றாள். “அசையக்கூடா எண்டார்.” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நாலு வருடத்து அழுகை அது. றஸீனா இருந்திருந்தால் பிடித்திருப்பாள். திரைக்குப் பின்னாலிருந்து ஷஸ்னா ஓடி வந்து தாயைப் பிடித்தாள். அங்கே மாப்பிள்ளையும் அவன் வாப்பாவும் நிற்பதை அவள் யோசிக்கவில்லை. இல்ஹாம் மெசினைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டான்.

“மூலைக் கம்பி நாலும் நல்லாக் கிடக்கு” என்றார் உசனார், கொஞ்சம் கழித்து. “மத்ததத்தான் வெட்டுவன். அந்த நாலையும் தேய்ச்சித் துருவெடுத்துப்போட்டு, அதுக்கே புதுத் தூண் நிப்பாட்டுறன். அவர் நட்ட கம்பிதான் உள்ள இரிக்கும்.”

“அப்படியே செய்யுங்க காக்கா” என்றாள் நஸீபா.

அடுத்த நாள் வந்து கழுவிய ஆற்று மண்ணும் முக்கால் அங்குலக் கல்லும் போட்டுக் குழைத்து, கம்பியால் குத்திக் குத்தி இறுக்கித் தூணைப் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் பலகையைக் கழற்றினார்கள். ஒரு பொந்து இல்லை. ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டி, “ஏழு நாளைக்குச் சாக்குக் காயக்கூடா” என்று சொல்லிவிட்டு வந்தார் உசனார். வரும்போது அவர் நஸீபாவின் முகத்தைப் பார்த்தார். அதிலிருந்து ஒன்றும் வாசிக்க முடியவில்லை. இல்ஹாம் வீட்டுக்கு வந்து தன் பாஸ்போட்டை எங்கே வைத்தீர்கள் என்று உம்மாவிடம் கேட்டான். றஸீனா தெரியாது என்று சொல்லிவிட்டு, அதை அரிசிப் பானைக்குள் போட்டாள்.

வியாழக்கிழமை காலை உசனார் கிணற்றடியில் நின்றபோது போன் சத்தம் போட்டது. ஓட்டமாவடி இலக்கம். ரோசாப்பூ திரும்பி வந்திருந்தது. கீழே ஒரு படம்: சாக்குச் சுற்றிய தூண். சொல் இல்லை.

பழைய புத்தி உடனே ஓடத் தொடங்கியது. சாக்கு அவிழ்கிறதா? யோசனை கேட்கிறாளா? வெடிப்பு ஏதும் கண்டுவிட்டாளா, குறை பிடிக்கவா அனுப்பினாள்? இனி வர வேண்டாம், கணக்கைச் சொல்லுங்கள், முடித்துக்கொள்வோம் என்கிறாளா? பெரிதாக்கித் தூணை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். முப்பத்து நாலு வருடத் தொழிலில் எழுதாத ஒன்றை ஒற்றை விரலால் தட்டினார்.

‘இது என்ன தங்கச்சி?’

பதில் வர நேரம் எடுத்தது. அவர் வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, போனை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றார்.

‘ஷஸ்னா தண்ணி ஊத்துறா. மகனுக்குக் காட்டுங்க.’

உசனார் படத்தைத் திரும்பவும் பெரிதாக்கினார். இந்தத் தடவை தூணைப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒரு சிவப்பு வாளி. அதைச் சரித்துப் பிடித்த ஒரு கை, முழங்கை வரைக்கும், இரண்டு கண்ணாடி வளையல். முதலில் பார்த்தபோது அது அங்கே இருந்ததே அவருக்குத் தெரியவில்லை.

அவர் ஈரக்காலோடு குசினிக்குள் போனார்.

“றஸீனா, மகனக் கூப்பிடு” என்றார். “போட்டோ வந்திட்டு.”